இன்றைய இலை, இன்றைய கிளி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி இலையால் ஆனது. அதை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூ அலகாகிறது, மரவள்ளி இலை உடலாகிறது. மறுநாள் இலை வேறு, பூ வேறு. கிளி மட்டும் அதே கிளி.

ராஜபாளையத்து நண்பர் ஒருவர் சொந்தமாக எழுதி மெட்டமைத்த பாட்டின் பல்லவி இந்தக் கிளியிடம்தான் பேசுகிறது:

பச்சைக் கிளியே, பச்சைக் கிளியே,
நேத்துச் செஞ்ச கிளியா நீ?
இன்னைக்குப் பறிச்ச இலையில
இன்னைக்குப் பொறந்த கிளியா நீ?

பாட்டு அவருடைய அம்மாவைப் பற்றியது. பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்த்தவர். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தேர்வடம் தொட்டவர். பாட்டுக்கு அனிமேஷன் படம் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. வரைந்த நாட்களில் எழுதி வைத்த குறிப்புகள் இவை.

*

முதலில் கணக்கு. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு. படம் நொடிக்கு 24 ஃபிரேம்.

```
60 ÷ 96 × 24 = 15
```

ஒரு தட்டுக்கு 15 ஃபிரேம். நாலு தட்டு சேர்ந்த ஒரு பாருக்கு 60 ஃபிரேம், அதாவது இரண்டரை நொடி. மீதி விழாத கணக்கு. வேகம் 100 ஆக இருந்திருந்தால் ஒரு தட்டுக்கு 14.4 ஃபிரேம் வரும். அப்போது பாருக்குப் பார் 58, 58 என்று கூட்டிக்கொண்டே போகக் கூடாது. கூட்டினால் முழுமையாக்கிய சிறு பிழைகள் எல்லாம் சேர்ந்து, மூன்றாவது நிமிடத்தில் படம் தாளத்தை விட்டு விலகியிருக்கும். ஒவ்வொரு பாரின் தொடக்கத்தையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே பெருக்கிக் கண்டு, கடைசியில்தான் முழு எண்ணாக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஏறக்குறைய நூறு வயதானது. 1928-இல் டிஸ்னி குழு ‘ஸ்டீம்போட் வில்லி’ செய்தபோது, வில்பிரட் ஜாக்சன் என்ற இளைஞர் மெட்ரோனோமை எடுத்துவந்து, ஒரு தட்டுக்கு இத்தனை ஃபிரேம் என்று வகுத்துக் கொடுத்தார். இசைக்கும் அசைவுக்கும் பொதுவான ஒரு தாள் அப்போது பிறந்தது. இசையமைப்பவரும் வரைபவரும் அதே தாளைப் பார்த்து வேலை செய்தார்கள். இன்று கணினியில் ஒலியின் அலைவடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் தாளில் கோடு போட்டு, பாருக்கு ஒரு கட்டம் என்று எழுதியபோதுதான் பாட்டின் உடம்பு எனக்குப் பிடிபட்டது. அலைவடிவம் எங்கே சத்தம் அதிகம் என்று காட்டும். எங்கே என்ன திரும்பி வருகிறது என்று காட்டாது.

*

தாளில் எழுதியது:

முன்னிசை, 8 பார், 0:00 முதல் 0:20. இருட்டில் ஆலை.
பல்லவி, 8 பார், 0:20 முதல் 0:40. கைகள் கிளி செய்கின்றன.
முதல் சரணம், 16 பார், 0:40 முதல் 1:20. ஷிப்டு முடிந்து அம்மா வீடு திரும்புகிறார்.
பல்லவி, 8 பார், 1:20 முதல் 1:40.
இடையிசை, 8 பார், 1:40 முதல் 2:00. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பயணம்.
இரண்டாம் சரணம், 16 பார், 2:00 முதல் 2:40. தேர்.
பல்லவி, 8 பார், 2:40 முதல் 3:00.
முடிவிசை, 4 பார், 3:00 முதல் 3:10.

மொத்தம் 76 பார், 4,560 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வரைந்தாலும் 2,280 படம். ஒருவர் கையால் ஆகிற காரியமா என்று மலைக்கத் தோன்றும். ஆனால் தாளை இன்னொரு முறை பார்த்தால் வேலையின் வடிவம் தெரியும்: ஒரே இடம் மூன்று முறை வருகிறது. அந்த இடத்தை எப்படி வரைவது என்பதில்தான் படம் முழுவதும் நிற்கிறது.

*

சரணம் நம்மை எங்கேயோ கூட்டிப்போகும். பல்லவி நம்மைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். பாடலை அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆகவே சரணத்தில் இடம் மாறலாம், வேளை மாறலாம், கேமரா நகரலாம். பல்லவியில் கேமரா அசையவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். அதே மேடை, அதே உயரம், அதே தூரம்.

ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த அமைப்பு இருந்திருக்கிறது. திருப்பாவையில் முப்பது பாட்டு. ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரு பெண்ணை எழுப்புகிறார்கள். வாசல்தோறும் காட்சி புதிது: ஒரு வீட்டில் பறவைச் சத்தம், ஒரு வீட்டில் விளக்கும் படுக்கையும். முடியும் சொல் மட்டும் முப்பது பாட்டிலும் ஒன்றே. முதல் வாசலில் அதைக் கேட்கும்போது அழைப்பாக இருக்கிறது. பத்தாவது வாசலில் கேட்கும்போது அதற்குள் ஒரு கூட்டமே நிற்கிறது. சொல் மாறவில்லை. அதற்கு முன்னால் வந்தவை சொல்லுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

அனிமேஷனில் இதற்கு இரண்டு சுலபமான வழிகள் உண்டு, இரண்டும் என் வேலைக்குப் பொருந்தவில்லை. ஒன்று, முதல் பல்லவிக்கு வரைந்ததை அப்படியே எடுத்து மற்ற இரண்டு இடத்திலும் ஒட்டுவது. நாற்பது நொடி வேலை மிச்சம். ஆனால் பார்ப்பவர் இரண்டாம் முறை ஐந்தாவது நொடியிலேயே ‘இது பார்த்ததுதான்’ என்று கண்ணைத் தளர்த்திவிடுவார். அந்தத் தளர்ச்சி அடுத்த சரணத்துக்குள்ளும் தொடரும். இரண்டாவது வழி, ஒவ்வொரு பல்லவிக்கும் புதுக் காட்சி. அப்போது காது ‘திரும்பி வந்தோம்’ என்கிறது, கண் ‘இல்லை, வேறு ஊர்’ என்கிறது. பல்லவி இன்னொரு சரணமாகிப் போகும்.

கிளி செய்பவர் மூன்றாவது வழியைக் காட்டுகிறார். நேற்றைய கிளியை எடுத்து வைப்பதில்லை. வேறொரு பறவையும் செய்வதில்லை. இன்றைய இலையில் அதே கிளியைச் செய்கிறார். நானும் அதே முக்கிய நிலைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லவியிலும் ஒவ்வொரு படத்தையும் மறுபடி வரைந்தேன். கோடு கொஞ்சம் வேறாக விழும். இலையின் நரம்பு வேறு வழியில் ஓடும். கைகள் மட்டும் அதே தட்டில் அதே இடத்துக்கு வரும்.

*

பல்லவியின் நாலு அடியும் ஒவ்வொன்றும் இரண்டு பார், ஐந்து ஐந்து நொடி. முதல் அடியில் இலையை விரிப்பது. இரண்டாம் அடியில் மடித்து நாரால் கட்டுவது. மூன்றாம் அடியில் மாதுளம்பூவைச் செருகுவது. நாலாம் அடியில் முழுக்கிளி, கைகள் விலகுகின்றன.

ஒரு பாரின் 60 ஃபிரேமில் கை அசைவது 24 ஃபிரேம் மட்டும். மீதி 36 ஃபிரேம் அசையாமல் நிற்கும். ஆகவே ஒரு பாருக்குப் பன்னிரண்டு படம், ஒரு பல்லவிக்கு 96, மூன்று பல்லவிக்கும் சேர்த்து 288. இதை ஒருவர் வரைந்துவிடலாம். அசையாத அந்த ஒன்றரை நொடி கை வலிக்காக விட்டதல்ல. கைவேலை செய்பவரைக் கவனித்தால் தெரியும்: ஒரு மடிப்பு மடித்ததும் விரல் அங்கேயே நின்று, மடிப்பு பிடித்துவிட்டதா என்று பார்க்கும். அந்த நிற்றல் இல்லாமல் தொடர்ந்து அசைத்தால் இயந்திரம் செய்வதுபோல் இருக்கும்.

நண்பரின் மெட்டில் எடுப்பு அரைத் தட்டு தள்ளி வருகிறது. பார் தொடங்கி, அரைத் தட்டு கழித்துத்தான் ‘பச்சை’ என்ற சொல் விழுகிறது. காட்சி எங்கே மாற வேண்டும், தாளத்திலா, சொல்லிலா? காட்சியைப் பாரின் முதல் தட்டில் மாற்றினேன். கையின் அசைவைச் சொல்லோடு தொடங்கினேன். அரைத் தட்டு என்பது ஏழரை ஃபிரேம். ஏழா, எட்டா என்று வந்தபோது ஏழை எடுத்தேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்த ஏழு ஃபிரேமில் திரையில் இருப்பது வெறும் இலையும் காத்திருக்கும் கையும். பாடகர் மூச்சு எடுக்கும் நேரம் அது. படமும் அதோடு மூச்சு எடுக்கிறது.

*

முதல் சரணம்:

சங்கு ஊதி ஷிப்டு முடிஞ்சு
பஞ்சு படிஞ்ச தலையோட
மலையில வெயில் எறங்குமுன்னே
வாசப்படி ஏறி வருவா.

சொல்லைச் சொல்லாக வரைந்தால், சங்கு என்றதும் சங்கு, பஞ்சு என்றதும் பஞ்சு என்று படம் பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். காது முதலிலேயே கேட்டுவிட்டதைக் கண் அரை நொடி கழித்து ஒப்பிக்கும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில், அந்த அடி சொல்லாமல் விட்டது என்ன என்று எழுதினேன். சங்கு ஊதுகிறது என்று பாட்டு சொல்லிவிட்டது. ஊதியபின்னும் ரிங் ஃப்ரேம்கள் நிற்பதில்லை, அடுத்த ஷிப்டு ஆட்கள் அதே இடத்தில் வந்து நின்றுகொள்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதை வரையலாம். பஞ்சு படிந்த தலை என்று பாட்டு சொல்லிவிட்டது. வாசலுக்கு வெளியே நின்று துண்டை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார் என்பதைச் சொல்லவில்லை. அதை வரையலாம்.

ஆலைக்குள் கதிர்களைச் சுழற்றி வரைய முடியாது. அவை நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். நொடிக்கு 24 படத்தில் எப்படி வரைந்தாலும் நிற்பதுபோலவோ, பின்னால் சுற்றுவதுபோலவோ தோன்றும். ஆகவே கதிர்களை அசையாத மங்கல் வெள்ளையாக விட்டேன். அசைவது இரண்டே: நூலைக் கதிரில் பரப்பிக்கொண்டு மெல்ல ஏறி இறங்கும் ரிங் ரெயில், அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு நடக்கும் ஆள். வேகமான இயந்திரத்தை அதன் மெதுவான உறுப்பைக் கொண்டே காட்ட முடிந்தது.

*

அம்மாவின் நடை.

ஒரு தட்டுக்கு ஓர் அடி என்று வைத்தால் கணக்கு சுலபம், 15 ஃபிரேமுக்கு ஒரு கால். ஆனால் தாளத்தில் கால் வைப்பவர் அணிவகுப்பில் நடப்பவர். இரவு முழுக்க நின்றவர் அப்படி நடக்க மாட்டார். வரையத் தொடங்கும் முன் நண்பர் வீட்டுக்குப் போய் அம்மாவிடமே கேட்டேன், நடந்து காட்ட முடியுமா என்று. முற்றத்தில் நடந்து காட்டினார். நான் கையை வீசி நடக்கச் சொன்னதும் நின்றுவிட்டார்.

“ஷிப்டு முடிஞ்சு வரும்போது யாருப்பா கைய வீசுவா? ஒரு கையில தூக்குவாளி இருக்கும். இன்னொரு கை முந்தானையப் புடிச்சிருக்கும். சத்தம் கேக்காம வருவோம். தெருவே தூங்கும்ல.”

அதில் நடை முழுவதும் இருந்தது. கைகள் அசையாது, தோளும் அதிகம் திரும்பாது, குதிகால் தரையில் அடிக்காமல் பாதம் தட்டையாக இறங்கும். வேகத்துக்கு ஒரு வழி கிடைத்தது: நாலு தட்டில் மூன்று அடி. 60 ஃபிரேமை மூன்றால் வகுத்தால் ஓர் அடிக்கு 20. பாதம் தரை தொடுவது 1, 21, 41 ஆகிய ஃபிரேம்களில். பாரின் முதல் தட்டில் கால் தாளத்தோடு விழுகிறது. அடுத்த இரண்டு அடியும் தட்டுகளுக்கு இடையே விழுகின்றன. மறுபடி அடுத்த பாரின் தொடக்கத்தில் வந்து சேர்கின்றன. தவில்காரர் சதுஸ்ர நடையின்மேல் திஸ்ரம் வாசிப்பது போன்ற பின்னல். அவர் பாட்டுக்குள்தான் நடக்கிறார், ஆனால் பாட்டு அவரை நடத்தவில்லை.

ஒரு பாரில் மூன்று அடி என்பதால், இந்தப் பாரை வலக்கால் தொடங்கினால் அடுத்த பாரை இடக்கால் தொடங்கும். இரண்டு பாருக்கு, அதாவது 120 ஃபிரேமுக்கு ஒரு முறைதான் எல்லாம் பழைய நிலைக்கு வரும். இதை மறந்து 60 ஃபிரேமை மட்டும் வெட்டித் திரும்ப ஓட்டினால், சேரும் இடத்தில் ஒரே கால் அடுத்தடுத்து இரண்டு முறை விழும். சிறிய தள்ளாட்டமாகத் தெரியும். காரணம் புரியாமல் முழங்காலைத் திருத்திக்கொண்டிருப்போம். வலது, இடது கால்களுக்கு வேறு வேறு நிறம் கொடுத்து ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

*

வெயில். மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுவதாகத்தான் நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் வரைந்திருக்கிறோம். ராஜபாளையத்தில் அப்படி நடக்காது. மேற்குத் தொடர்ச்சி மலை ஊருக்கு மேற்கே இருக்கிறது. காலைச் சூரியன் நம் முதுகுப்பக்கம் எழுந்து, முதலில் மலையின் உச்சியில் படும். பிறகு வெளிச்சம் மலைச்சரிவில் படிப்படியாகக் கீழே வரும். தெரு அப்போதும் நீல நிழலில் இருக்கும். அதனால்தான் நண்பர் வெயில் ஏறுமுன்னே என்று எழுதாமல் எறங்குமுன்னே என்று எழுதியிருக்கிறார். அந்த ஊரில் பிறந்தவருக்குத் தானாக வரும் சொல்.

முதல் சரணத்தின் நாற்பது நொடிக்கும் அந்த ஒளிக்கோடு கீழே இறங்குகிறது. பார்ப்பவர் அதைக் கவனிக்கத் தேவையில்லை. அம்மா தெருவில் நடக்கிறார், தெருவின் முனையில் மலை, மலையில் ஒளி இறங்குகிறது. இரண்டு அசைவுகள், ஒன்று வேகமாக ஒன்று மெதுவாக. ஒளி அடிவாரத்தைத் தொடுமுன்னே அவர் படியேறிவிட வேண்டும். இப்படி வைத்தபிறகு இந்தக் காட்சிக்குத் தனியாகக் கதை எதுவும் தேவைப்படவில்லை.

*

இடையிசையில் சொல் இல்லை. புல்லாங்குழலும் தவிலும் மட்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு பயணத்துக்கு இருபது நொடி.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வடகிழக்கே இருக்கிறது. மலை இடது ஜன்னலில் வரும். இடது ஜன்னல் வழியே பார்ப்பவருக்கு வண்டி திரையில் வலப்பக்கம் போகும், வெளியே எல்லாம் இடப்பக்கம் நகரும். இதைத் தலைகீழாக வரைந்தால் வெளியூர்க்காரருக்கு ஒன்றும் தெரியாது. அந்த வழியில் தினமும் போகிறவருக்கு ஊருக்குத் திரும்பி வருவதாகத் தோன்றும்.

மூன்று அடுக்கு வைத்தேன். மின்கம்பங்கள் தட்டுக்கு ஒன்றாகத் திரையைக் கடக்கும். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் இரண்டு பாரில் கடக்கும். மலை எட்டுப் பாரும் சேர்ந்து திரையகலத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் அதிகம். மலையை இன்னும் கொஞ்சம் நகர்த்தலாமே என்று கை துறுதுறுக்கும். நகர்த்தினால் மலை கரடாகச் சுருங்கிவிடும். கண்ணுக்கு மலையின் பெருமை தெரிவது அதன் உயரத்தால் அல்ல, எவ்வளவு தூரம் போனாலும் அது கூடவே வருவதால்.

கடைசி இரண்டு பாரில் கோபுரம். பதினொரு நிலை கொண்ட அந்தக் கோபுரத்தைத் தமிழக அரசின் முத்திரையோடு சேர்த்துப் பேசியே பழகிவிட்டோம். நேர்முகமாக, நடுவில், நிமிர்ந்து. வண்டியில் வருகிறவருக்கு அப்படித் தெரியாது. தென்னை மட்டைகளுக்கு மேலே முதலில் உச்சி தெரியும், மறையும், கொஞ்சம் பெரிதாக மறுபடி தெரியும். அந்த வரிசையில்தான் வரைந்தேன்.

*

இரண்டாம் சரணம்:

ஆடிப்பூரத் தேரு நகர
ஆயிரம் கையி வடத்துல;
அம்மா கையும் அதுல ஒண்ணு,
அவ ரேகை இன்னும் வடத்துல.

தேர் தாளத்துக்கு நகராது. இழுப்பவர்கள் தாளத்துக்கு இழுப்பார்கள். தேர் தன் நேரத்துக்கு நகரும். இந்த இடைவெளியை வரைந்தால்தான் தேரின் எடை தெரியும். ஒரு பாரை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

முதல் தட்டு, ஃபிரேம் 1: வடம் விறைக்கிறது. தரையில் தொய்ந்து கிடந்தது நேர்க்கோடாகிறது. உடல்கள் பின்னால் சாய்கின்றன. தேர் அசையவில்லை. இரண்டாம் தட்டு, ஃபிரேம் 16: சக்கரம் உருளத் தொடங்குகிறது. முதல் நாலைந்து படங்களில் கண்ணுக்கே தெரியாத அளவு, பிறகுதான் வேகம். ஃபிரேம் 24: தேரின் உச்சி சற்றுப் பின்னோக்கிச் சாய்கிறது. அடிப்பாகம் கிளம்பிவிட்டது, தலை இன்னும் கிளம்பவில்லை. மூன்றாம் தட்டு, ஃபிரேம் 31: தொம்பைகள் பின்னால் வீசி, பிறகு முன்னே வருகின்றன. நாலாம் தட்டு, ஃபிரேம் 46: சக்கரத்தடியில் முட்டுக்கட்டை விழுகிறது, சக்கரம் நிற்கிறது. உச்சியும் தொம்பையும் அடுத்த பாருக்குள்ளும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

வடம், சக்கரம், உச்சி, துணி. இழுப்பு போய்ச் சேரும் வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாவற்றையும் ஒரே ஃபிரேமில் கிளப்பினால் எவ்வளவு நுணுக்கமாகச் சிற்பம் வரைந்திருந்தாலும் அது அட்டைத் தேர்தான். ஆயிரம் கையை நான் வரையவில்லை. வடத்தைப் பிடித்த பன்னிரண்டு கைகளை நெருக்கத்தில் வரைந்தேன். வடம் திரையின் இரண்டு ஓரத்தையும் தாண்டிப் போகிறது. மீதியைப் பாட்டு சொல்லிவிட்டது.

*

சரணம் கொண்டுவந்ததைப் பல்லவி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றே ஒன்றைத்தான்.

முதல் பல்லவியில் இலையை வாழைநாரால் கட்டுகிறார்கள். முதல் சரணம் முடிந்து வரும் இரண்டாம் பல்லவியில் அந்த இடத்தில் பருத்திநூல். மற்ற எதுவும் மாறவில்லை. இரண்டாம் சரணம் முடிந்து வரும் மூன்றாம் பல்லவியில் உள்ளங்கையின் குறுக்கே வடம் அழுத்திய சிவந்த தடம். நாலாம் அடியில் கைகள் விலகும்போதுதான் அது தெரியும், அதுவும் ஒரு நொடிக்கு. கிளி செய்வது யார் கை என்ற கேள்வி முதல் பல்லவியில் எழவே எழாது. மூன்றாம் பல்லவியில் பதில் கேட்காமலேயே கிடைக்கிறது.

நூலோடு சேர்த்து வெளிச்சத்தையும் மாற்றினால், மேடையில் ஒரு விளக்கையும் வைத்தால், காட்சி அழகாகத்தான் இருக்கும். ஆனால் கண் புதியதை எண்ணத் தொடங்கிவிடும். மூன்று மாறினால் இடமே மாறிவிட்டதாகக் கண் முடிவுகட்டும். ஒன்று மாறினால், இடம் மாறவில்லை, காலம் கடந்திருக்கிறது என்று அதற்குப் புரியும்.

*

படமும் பாட்டும் சேரவில்லை என்றால், எங்கே சேரவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு விலகியிருந்தால் பாட்டை வைத்த இடம் தவறு. mp3 கோப்பில் தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேர்ந்துகொள்வதுண்டு. அதனால் வேலை முழுக்க wav கோப்பை வைத்துக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகினால் ஃபிரேம் வேகம் தவறு. 24-க்கு வரைந்ததை 23.976-க்கு வெளியேற்றிவிட்டால், இந்தப் பாட்டின் 4,560 ஃபிரேமும் ஓடி முடிய 190 நொடிக்குப் பதில் 190.19 நொடி ஆகும். முதல் பல்லவியில் ஒன்றும் தெரியாது. கடைசிப் பல்லவியில் கைகள் நாலு ஃபிரேம் அளவு பிந்தி வரும்.

வரையும்போதே விலகுவதாகத் தோன்றினால் அது பொய்யாகவும் இருக்கலாம். பிளெண்டரில் Play Every Frame என்று இருந்தால், கனமான காட்சியில் கணினி திணறி, படம் மெதுவாக ஓடும், பாட்டு முன்னே போய்விடும். Sync to Audio என்று மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் மேல் நம்ப வேண்டியது, சிறிய அளவில் வெளியேற்றிப் பார்க்கும் கோப்பை மட்டுமே.

ஏழரை ஃபிரேமில் ஏழை எடுத்த காரணம் இங்கே. ஒளிபரப்புத் துறையின் அளவீட்டின்படி, ஒலி படத்தை 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்வார். பிந்தினால் 125 மில்லிநொடி வரை கண்டுகொள்ள மாட்டார். ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 42 மில்லிநொடி. படம் ஒரு ஃபிரேம் பிந்தினாலே விளிம்புக்கு வந்துவிடுகிறோம். முந்தினால் மூன்று ஃபிரேம் வரை மன்னிப்பு உண்டு. தூரத்தில் துணி துவைப்பவரின் கை இறங்கியபிறகுதான் அடிச்சத்தம் வந்து சேர்கிறது. ஒளி முன்னே, ஒலி பின்னே என்று உலகம் நம்மைப் பழக்கியிருக்கிறது. சந்தேகம் வந்த இடங்களில் எல்லாம் படத்தை ஒரு ஃபிரேம் முன்னே வைத்தேன்.

*

கடைசியாக ஒரு சோதனை. பாட்டைக் கேட்டிராத ஒருவருக்குச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை ஓட்ட வேண்டும். பிறகு இரண்டே கேள்வி. எது திரும்பத் திரும்ப வந்தது? திரும்பி வந்தபோது என்ன மாறியிருந்தது?

முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால் பல்லவி பல்லவியாக அமையவில்லை. இரண்டாவதற்குப் பதில் வராவிட்டால் சரணங்கள் பல்லவிக்கு எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. எங்கள் படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா கைகளைச் சொன்னார், கிளியைச் சொன்னார், நூலைச் சொன்னார். உள்ளங்கைத் தடத்தை அவர் சொல்லவில்லை. நண்பர் அந்தத் தடத்தை இன்னும் அழுத்தமாக வரையச் சொன்னார். பாட்டோடு சேர்த்து இன்னொரு முறை ஓட்டினோம். ‘அவ ரேகை இன்னும் வடத்துல’ என்ற அடி காதில் விழுந்த சூட்டோடு மூன்றாம் பல்லவி வந்தபோது, அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தடத்தை வரைந்த அளவிலேயே விட்டுவிட்டோம். எல்லாவற்றையும் படம் தனியாகச் சொல்லிவிட வேண்டியதில்லை. அதற்குப் பாதிச் சொல்லைத் தரத்தான் பாட்டு கூட ஓடுகிறது.